‘வேணும்’ என்றாரா, ‘வேணாம்’ என்றாரா? நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தைச் சுருக்கத்தில் எப்படி எழுதுவது?

குறிப்பேடு எழுதியது:

எங்கள் சங்கக் கூட்டத்தின் ஒலிப்பதிவைக் கேட்டு ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. பதிவு 94 நிமிடம். மேசை நடுவில் வைத்த போன், மேலே மின்விசிறி, ஒன்பது பேர். பெரும்பகுதி நன்றாகவே கேட்கிறது.

சிக்கல் 47ஆவது நிமிடத்தில். பழைய பதிவேடுகளை வெளியில் கொடுத்து இந்த வருடமே ஸ்கேன் செய்வதா என்பதுதான் அன்றைக்கு முக்கியமான விஷயம். அது முடிவாகும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து பேசுகிறார்கள். எனக்குக் கேட்டதை அப்படியே தருகிறேன்:

47:12 செயலாளர்: இந்த ஸ்கேன் வேலை இந்த வருஷம் நமக்கு வே—
47:14 பெண் குரல்: இல்ல, அது எப்படி—
47:15 ஆண் குரல்: —மாசத்துக்குள்ள வந்துடுமா
47:17 (இரண்டு மூன்று குரல்கள், நாற்காலி இழுக்கும் சத்தம், எதுவும் புரியவில்லை)
47:25 தலைவர்: சரி சரி. சரி, அடுத்தது.

நான் எழுதி வைத்திருக்கும் வரைவு: “பழைய பதிவேடுகளை இந்த ஆண்டே ஸ்கேன் செய்ய அனைவரும் ஒப்புக்கொண்டனர்.” தலைவர் சரி என்று சொல்லிவிட்டார் என்பதால் அப்படி எழுதினேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. சுருக்கத்தில் போய் ‘புரியவில்லை’ என்று போடுவது வழக்கமா? என்ன செய்யலாம்?

ஒலிப்பெட்டி எழுதியது:

முதலில் சத்தத்தைச் சுத்தம் பண்ணுங்க நண்பரே. ஆடாசிட்டியில் மின்விசிறி மட்டும் கேட்கிற ஒரு துண்டைத் தேர்வு செய்து நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுங்க. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டுங்க. முக்கால்வாசி தெளிவாகிடும். கேட்கிற மாதிரி பண்ணிட்டா எப்படி எழுதுறதுங்கிற கேள்வியே வராது.

செவிவழி எழுதியது:

ஒலிப்பெட்டி சொல்வது மின்விசிறிக்குப் பொருந்தும். அதன் இரைச்சல் ஒரே சீராக ஓடுவதால் அதைப் பிரித்தெடுத்துக் குறைக்க முடியும், கேட்பவருக்குச் சோர்வும் குறையும். ஆனால் குறிப்பேட்டின் சிக்கல் மின்விசிறி இல்லை, பேச்சின் மேல் விழுந்த பேச்சு. இரண்டு மனிதக் குரல்களும் ஒரே அதிர்வெண் பகுதியில்தான் இருக்கின்றன. ஒன்றை இரைச்சல் என்று வெட்டினால் மற்றதும் சேர்ந்து அரிபடும். பலமாக நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்ட பதிவில் சொற்களின் ஓரங்கள் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும், அதில் இல்லாத எழுத்துகள்கூடக் கேட்கத் தொடங்கும். அதனால் சுத்தம் செய்த பிரதியைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், எழுதுவது மூலப் பதிவைக் கேட்டு இருக்கட்டும்.

குறிப்பேடு, ஒரு கேள்வி. உங்களிடம் இருப்பது போனில் பதிவான மூலக் கோப்பா, யாராவது செயலி வழியாக அனுப்பியதா? அனுப்பும்போது பல நேரம் ஸ்டீரியோ மோனோவாகிவிடும். மூலம் ஸ்டீரியோவாக இருந்தால் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மேசைக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவர் இடது சானலில் கொஞ்சம் ஓங்கி, வலப்பக்கத்தவர் வலது சானலில் ஓங்கி விழுந்திருக்கலாம். போனின் இரண்டு மைக்குகளும் நெருக்கமாக இருப்பதால் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் ஒரு உயிரெழுத்தைத் தெரிந்துகொள்ள அதுவே போதும் சில சமயம். `ffprobe kootam.m4a` என்று கட்டளை கொடுத்தால் stereo என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டினால், அந்தத் துண்டை மட்டும் வெட்டி இரண்டு சானலையும் தனித்தனிக் கோப்பாகப் பிரியுங்கள்:

```
ffmpeg -i kootam.m4a -ss 00:47:00 -to 00:47:40 thundu.wav
ffmpeg -i thundu.wav -filter_complex "channelsplit=channel_layout=stereo[L][R]" -map "[L]" idathu.wav -map "[R]" valathu.wav
```

இப்போது வரைவுக்கு வருகிறேன். அதில் மூன்று செய்திகள் இருக்கின்றன: ஸ்கேன் செய்வது என்று முடிவானது, இந்த ஆண்டே என்று முடிவானது, அனைவரும் ஒப்புக்கொண்டது. பதிவில் இந்த மூன்றில் ஒன்றுக்குமே ஆதாரம் இல்லை. ‘அனைவரும்’ என்பதை முதலில் பாருங்கள். ஒன்பது பேரில் அந்தப் பதினைந்து நொடியில் கேட்பது நான்கைந்து குரல். மற்றவர்கள் பேசவில்லையா, பேசியும் கேட்கவில்லையா என்பதே தெரியாது. தலைவரின் ‘சரி சரி’ முடிவை ஏற்றதாக இருக்கலாம், கூச்சலை அடக்கியதாகவும் இருக்கலாம். பக்கத்திலேயே ‘அடுத்தது’ வருவதைப் பார்த்தால், பேச்சை மூடியதற்கான சான்று அதிகம்.

செயலாளரின் வாக்கியத்தில்தான் பெரிய ஆபத்து. பேச்சு எங்கே மோதும் என்பது தற்செயல் இல்லை. உரையாடலை ஆராய்ந்த சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974இல் எழுதிய கட்டுரையிலேயே இதைக் காட்டினார்கள். ஒருவர் முடிக்கப்போகிறார் என்று அடுத்தவர் கணித்து உள்ளே வரும் இடத்தில்தான், அதாவது வாக்கியத்தின் வால் பகுதியில்தான், மோதல் அதிகம் நடக்கும். தமிழில் அந்த வாலில்தான் எல்லாமே இருக்கிறது. செய்தாரா செய்வாரா, யார் செய்தார், உண்டா இல்லையா, எல்லாம் கடைசிச் சொல்லில். வாக்கியத்தின் முக்கால் பகுதி பளிச்சென்று கேட்டு, வினைமுற்று மட்டும் அடிபட்டால் நமக்குப் பொருளில் பாதி போகவில்லை, முழுவதுமே போய்விட்டது. ஆனால் கேட்பவருக்கு ‘கிட்டத்தட்ட எல்லாம் புரிந்தது’ என்ற எண்ணம் இருக்கும். வேணும், வேணாம் இரண்டுக்கும் நடுவில் ஓர் உயிர்தான் வித்தியாசம்.

தாழ்வாரம் எழுதியது:

இதே பாடு எனக்கும். என் மாமனார் மாமியாரை உட்காரவைத்து அவர்களுடைய சின்ன வயசுக் கதைகளைப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் எப்பவும் சேர்ந்துதான் பேசுவார்கள். மாமா ஒரு வரி ஆரம்பித்தால் அத்தை முடிப்பார். நானும் சுருக்கம்தான் எழுதுகிறேன். இரண்டு பேரையும் பிரித்து எழுதப் போனால் கதையே சிதைகிறது. அதனால் ‘அவர்கள் சொன்னார்கள்’ என்று சேர்த்தே எழுதிவிடுகிறேன். குறிப்பேடும் அப்படிச் செய்யலாமே, ஏன் இவ்வளவு கஷ்டம்?

செவிவழி எழுதியது:

தாழ்வாரம் அம்மா, உங்களுடையது வேறு வகை. அங்கே ஒருவர் மேல் ஒருவர் பேசுவது சேர்ந்து ஒரே கதையைச் சொல்வதற்காக. அத்தை முடித்த வரியை மாமா மறுக்காமல் மேலே போனால், ‘சொன்னார்கள்’ என்பது நேர்மையான சொல்தான். அவர் ‘அப்படி இல்லடி’ என்று திருத்திய இடங்களில் மட்டும் பிரித்து எழுதுங்கள், அந்த இடங்கள்தான் பின்னாளில் கேட்பவருக்கு அருமை. குறிப்பேட்டின் கூட்டத்தில் நாலு பேர் நாலு நிலைப்பாட்டோடு மோதுகிறார்கள். அங்கே ‘சொன்னார்கள்’ என்று எழுதினால் சொல்லாதவர் வாயில் சொல்லை வைத்ததாகிவிடும்.

நேர்கோடு எழுதியது:

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். பல வருஷமாகக் கூட்டக் குறிப்பு படிக்கும் ஆள் நான், எழுதும் ஆள் இல்லை. வரிக்கு வரி ‘புரியவில்லை’, ‘தெளிவில்லை’ என்று போட்ட சுருக்கம் வந்தால் நான் படிக்க மாட்டேன், யாரும் படிக்க மாட்டார்கள். எழுத்துப்படியில் எல்லா ஓட்டையையும் காட்டலாம். சுருக்கம் என்பது தேர்ந்தெடுத்துச் சொல்வதற்குத்தானே? அதுவும் பின்னால் எங்காவது இந்த முடிவு பற்றிப் பேசியிருப்பார்களே, அதை வைத்து முடிவு இதுதான் என்று எழுதிவிடலாம்.

குறிப்பேடு எழுதியது:

நேர்கோடு சொன்னபடி பின்னால் தேடினேன். 1:02:30இல் பொருளாளர் சொல்கிறார்: “ஸ்கேன் விஷயம் அப்படி முடிவானதால, அலமாரி வாங்குறத தள்ளி வெச்சுக்கலாம்.” இது பளிச்சென்று கேட்கிறது. ஸ்கேன் செய்துவிட்டால் அலமாரி தேவையில்லை, அதனால் ‘வேணும்’ என்றுதான் முடிவு. சரிதானே?

ஒலிப்பெட்டி எழுதியது:

அவ்வளவுதான், முடிஞ்சது. அதை எழுதிடுங்க.

செவிவழி எழுதியது:

பின்னால் தேடியது மிகச் சரியான வேலை. மோதலில் தொலைந்த சொல்லை யாராவது திரும்பச் சொல்லியிருப்பார்கள், பாதி இடைவெளிகள் அப்படித்தான் நிரம்பும். ஆனால் பொருளாளர் சொன்னதை இன்னொரு தரம் படியுங்கள். ‘அப்படி முடிவானதால’ என்கிறார். எப்படி என்று சொல்லவில்லை. ஸ்கேன் செய்தால் அலமாரி வேண்டாம் என்பது உங்கள் கணிப்பு. ஸ்கேன் இந்த வருடம் இல்லை, பதிவேடு எல்லாமே அடுத்த வருடம் பார்க்கலாம், அதனால் அலமாரியும் தள்ளிப்போகட்டும் என்றும் அவர் நினைத்திருக்கலாமே. அவருடைய வரி ஒன்றை நிச்சயமாகக் காட்டுகிறது: ஏதோ ஒரு முடிவு எடுக்கப்பட்டதாக அவராவது நம்பினார். அந்த அளவுக்கு எழுதலாம்.

நேர்கோடு சொல்வதில் எனக்குப் பெரும்பகுதி உடன்பாடு. எல்லா ஓட்டையையும் சுருக்கத்துக்குக் கொண்டுவரக் கூடாது. 12ஆவது நிமிடத்தில் யாரோ காபி பற்றிச் சொன்னது கேட்கவில்லை என்றால் அதை மறந்துவிடுங்கள். நான் பார்க்கும் அளவுகோல் இதுதான்: கேட்காமல் போன சொல் வேறு ஒன்றாக இருந்தால் சுருக்கத்தில் ஒரு வரி மாறுமா? மாறும் என்றால் அந்த இடைவெளி வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும். மாறாது என்றால் வேண்டாம். 94 நிமிடப் பதிவில் இப்படி ஒன்றிரண்டு இடம்தான் தேறும். எழுத்துப்படியில் வெற்று அடைப்புக்குறி தானாகவே கண்ணில் படும், ஆனால் சுருக்கத்தில் இடைவெளியின் இரண்டு பக்கமும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அங்கே ஏதோ இருந்தது என்பதே தெரியாமல் போகும். அதனால்தான் அந்த ஒன்றிரண்டை நாமே சொல்ல வேண்டியிருக்கிறது.

குறிப்பேடு எழுதியது:

மூலக் கோப்பை வாங்கிவிட்டேன். ஸ்டீரியோதான். சானல் பிரித்துக் கேட்டதில் இடது பக்கம் செயலாளர் கொஞ்சம் மேலே வருகிறார். எனக்கு இப்போது ‘வேணாம்’ என்றே கேட்கிறது. முதலில் ‘வேணும்’ என்று நினைத்தது தப்பு போலிருக்கிறது. மாற்றி எழுதிவிடவா?

செவிவழி எழுதியது:

கொஞ்சம் பொறுங்கள். முதல் நாள் ஒன்று கேட்டது, இன்றைக்கு இன்னொன்று கேட்கிறது. நடுவில் நாம் எல்லோரும் ‘வேணாம்’ என்ற சாத்தியத்தை இங்கே பேசித் தள்ளிவிட்டோம். காது அதற்குப் பழகியிருக்கும். 1970இல் உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் செய்த சோதனை இந்த வேலை செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரு சொல்லின் நடுவில் ஓர் ஒலியை முழுதாக வெட்டி எடுத்து அந்த இடத்தில் இருமலை வைத்தார். கேட்டவர்களுக்குச் சொல் முழுதாகவே கேட்டது, இருமல் சரியாக எங்கே வந்தது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. மூளை எதிர்பார்த்ததை வைத்து ஓட்டையை அடைத்துவிடுகிறது, அடைத்தது நமக்குத் தெரிவதில்லை. ரகசியமாகப் பதிவான ஒலிகள் நீதிமன்றத்துக்கு வருவதைப் பற்றி ஆஸ்திரேலிய ஒலியியலாளர் ஹெலன் ஃப்ரேசர் தொடர்ந்து எச்சரிப்பதும் இதைத்தான். ‘இதில் இப்படிச் சொல்கிறார்’ என்று எழுதிக் காட்டிவிட்டால், தெளிவில்லாத பதிவிலும் கேட்பவர்களுக்கு அது அப்படியே கேட்க ஆரம்பித்துவிடும்.

அதனால் இந்த இழையைப் படிக்காத இரண்டு பேரிடம் அந்தத் துண்டைக் கொடுங்கள். தனித்தனியாக. என்ன விஷயம், உங்களுக்கு என்ன கேட்டது, எதுவும் சொல்ல வேண்டாம். ‘வேணுமா வேணாமா’ என்றும் கேட்கக் கூடாது, அப்படிக் கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைப்பார்கள். ‘கேட்பதை எழுதுங்கள், புரியாத இடத்தில் கோடு போடுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று நான்கு தடவை கேட்டால் போதும். ஐம்பது தடவை சுற்றவிட்டுக் கேட்டால் எந்தச் சொல்லையும் கேட்க வைக்கலாம்.

ஒலிப்பெட்டி எழுதியது:

ஸ்பெக்ட்ரோகிராம் பார்த்தால் தெரியாதா? ஆகாரம் நீளம், உகரம் குறில். பிராட் என்கிற ஒலி ஆய்வு மென்பொருளில் போட்டு நீளத்தை அளந்தாலே விடை வந்துடுமே.

செவிவழி எழுதியது:

நல்ல யோசனை, தனியாகப் பேசிய பதிவாக இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆகாரத்தில் முதல் ஃபார்மன்ட், அதாவது உயிரெழுத்தை அடையாளம் காட்டும் பட்டைகளில் கீழே இருப்பது, மேலே ஏறி நிற்கும், உகரத்தில் கீழே இருக்கும், நீளமும் வேறு. ஆனால் 47:14இல் பெண் குரலின் ‘இல்ல’ சரியாக அதே இடத்தில் தொடங்குகிறது. திரையில் தெரியும் பட்டைகளில் எது செயலாளருடையது, எது அவருடையது என்று பிரிப்பதற்கு நீங்கள் ஏற்கெனவே விடையை ஊகித்திருக்க வேண்டும். உகரம் எங்கே முடிந்து ‘இ’ எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. அளக்க எல்லையே இல்லாத இடத்தில் அளவு எடுத்தால் எண் வரும், விடை வராது. இருந்தாலும் குறிப்பேடு போட்டுப் பார்க்கட்டும், மோதல் எந்த மில்லிநொடியில் தொடங்குகிறது என்பதாவது தெரியும்.

குறிப்பேடு எழுதியது:

என் தங்கையிடமும் சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு நண்பரிடமும் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை. தங்கை ‘நமக்கு வேணும்’ என்று எழுதினாள். நண்பர் ‘நமக்கு வேண—’ என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறார். எனக்கோ ‘வேணாம்’. பிராட்டில் பார்த்தேன், ‘ண’ முடியும் முன்பே அந்த அம்மாவின் குரல் ஏறிவிடுகிறது.

ஆக, பதிவை வைத்துத் தெரியாது. இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

“பழைய பதிவேடுகளை வெளியில் கொடுத்து இந்த ஆண்டே ஸ்கேன் செய்வது பற்றிப் பேசப்பட்டது. செயலாளர் வேண்டும் என்றாரா வேண்டாம் என்றாரா என்பது பதிவில் தெளிவில்லை. 47:14 முதல் 47:25 வரை குறைந்தது நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒரு பெண் உறுப்பினர் ஆட்சேபித்தார். கால அளவு பற்றி ஒருவர் கேட்டார், மாத எண்ணிக்கை கேட்கவில்லை. தலைவர் ‘சரி, அடுத்தது’ என்று அடுத்த விஷயத்துக்குப் போனார். பின்னர் (1:02:30) பொருளாளர் இந்த விஷயம் முடிவானதாகக் குறிப்பிட்டார், என்ன முடிவு என்று சொல்லவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் உறுதிசெய்ய வேண்டும்.”

செவிவழி எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள்: ‘ஆட்சேபித்தார்’. நாம் பேச்சில் வாயைத் திறக்கும்போதே ‘இல்ல’ என்று ஆரம்பிப்பது சாதாரணம், ‘இல்ல, அது எப்படி அனுப்புவீங்க’ என்று விவரம் கேட்டிருக்கலாம். மீதி வாக்கியம் நம்மிடம் இல்லை. ‘“இல்ல, அது எப்படி” என்று தொடங்கினார், மீதி கேட்கவில்லை’ என்று எழுதிவிடுங்கள். அவர் யார் என்று ஊகித்துப் பெயர் போடாமல் விட்டதும் சரி. ‘இதை எதிர்க்கக்கூடியவர் இவர்தான்’ என்று கருத்தை வைத்துக் குரலுக்குப் பெயர் சூட்டுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. வேறு இடத்தில் யாராவது பெயர் சொல்லி அழைத்து, அதே குரல் பதில் சொல்லியிருந்தால் மட்டும் பெயரை எழுதுங்கள்.

நேர்கோடு எழுதியது:

நேர்மையாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பக்கச் சுருக்கத்தில் இது மட்டுமே கால் பங்கு இடத்தை அடைக்கிறது. என்னைக் கேட்டால் சுருக்கத்தில் “ஸ்கேன்: முடிவு பதிவில் தெளிவில்லை, உறுதிசெய்ய வேண்டும் (47:12–47:27, 1:02:30)” என்று ஒரே வரி. மற்றதெல்லாம் பின்னிணைப்பில். படிப்பவருக்கு வேண்டியது என்ன செய்ய வேண்டும் என்பது.

செவிவழி எழுதியது:

ஒரே வரி வடிவமும் நேர்மையானதுதான், நேரக்குறி இருக்கும்வரை. பின்னிணைப்பைச் சுருக்கத்தோடு சேர்த்தே அனுப்புவார்களா என்பதுதான் என் கவலை. பெரும்பாலும் முதல் பக்கம் மட்டும்தான் கைமாறுகிறது. எனவே நீளமான வடிவத்தையே நான் விரும்புவேன், உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

குறிப்பேடு எழுதியது:

அனுப்பும் முன் செயலாளரையும் தலைவரையும் தனித்தனியாகக் கேட்டேன். செயலாளர் ‘வேணும்னுதான் சொன்னேன்’ என்கிறார். தலைவர் ‘அன்னைக்கு அது தள்ளிவெச்சதா ஞாபகம்’ என்கிறார். இப்போது யார் சொன்னதை எழுத?

செவிவழி எழுதியது:

இரண்டையும் எழுதுங்கள், ஆனால் கூட்டத்தில் நடந்ததாக எழுதாதீர்கள். “பின்னர் கேட்டபோது” என்று தொடங்கித் தனிப் பத்தியாக, யார் என்ன சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று போடுங்கள். செயலாளர் சொன்னதைக் கொண்டுபோய் 47:12இல் ஒட்டவைத்தால் பதிவுக்கே இல்லாத உறுதி வந்துவிடும். அவர் வேணும் என்று சொல்லியிருந்தால்கூட, கூட்டம் அதை ஏற்றதா என்பது தனிக் கேள்வி. தலைவரின் ஞாபகம் அந்தக் கேள்விக்கு இல்லை என்கிறது. அதைத் தீர்ப்பது உங்கள் வேலை இல்லை, அடுத்த கூட்டத்தின் வேலை.

தாழ்வாரம் எழுதியது:

இதைப் படித்துவிட்டு என் பழைய சுருக்கங்களை எடுத்துப் பார்த்தேன். மாமா ‘அப்படி இல்ல’ என்று திருத்திய மூன்று இடங்களில் நான் அத்தை சொன்னதையே எழுதியிருக்கிறேன். ஒரு இடத்தில் அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய வருடமே மாறுகிறது. ஒலிப்பெட்டி தம்பி, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சட்டை மைக் மாட்டினால் தனித்தனிக் கோப்பாகக் கிடைக்குமா, அல்லது ஒருவர் குரல் மற்றவர் மைக்கிலும் விழுமா?

ஒலிப்பெட்டி எழுதியது:

விழும் அக்கா, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் நிச்சயம் விழும். ஆனால் அவரவர் மைக்கில் அவரவர் குரல் ரொம்ப ஓங்கி இருக்கும், அதனால் யார் என்ன சொன்னாங்கன்னு குழப்பம் வராது. இரண்டு மைக்கையும் ஒரே ரெக்கார்டரில் தனித்தனி ட்ராக்கா பதிவு பண்ணுங்க, ஒன்றா கலந்துடுற செட்டிங் இருந்தா அணைச்சுடுங்க. கொஞ்சம் எதிரெதிரா உட்கார வைங்க. எந்த ரெக்கார்டர் வெச்சிருக்கீங்க?